50-க்கு 34: ஞாபகச் சோதனையில் உண்மையான குறைபாட்டையும் நம்ப முடியாத மதிப்பெண்ணையும் பிரித்துப் பார்ப்பது எப்படி

சம்பா அறுவடை முடிந்து களமெல்லாம் காலியான ஒரு மாசி மாதத்தில், பத்து நாள் இடைவெளியில் இரண்டு பேர் என்னிடம் ஒரே சோதனையை எழுதினார்கள். இருவருக்கும் ஒரே மதிப்பெண், 50-க்கு 34. ஒருவர் மன்னார்குடிப் பக்கத்து டிராக்டர்காரர், வயது 38, எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இன்னொருவர் திருவையாற்றுப் பக்கம் நடவு வேலை பார்த்தே காலத்தை ஓட்டிய அம்மா, வயது 71, மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊர், வயது, தொழில் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

அந்த அம்மாவின் 34 அவருடைய மூளையின் உண்மை நிலையைச் சொன்னது. டிராக்டர்காரரின் 34 அப்படிச் சொல்லவில்லை. எண் ஒன்றாகவே இருக்கும்போது இதை எப்படி முடிவு செய்வது? இந்த வேலைக்குப் புதிதாக வரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளும், இப்படிப்பட்ட ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டிய மருத்துவர்களும் வக்கீல்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். அதனால் அந்த இரண்டு பேரையும் கூடவே வைத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தச் சோதனை எதை அளக்கிறது

ஞாபகம், கவனம், கணக்கு, வேகம் என்று நாங்கள் வைக்கும் சோதனைகள் எல்லாமே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. எதிரில் உட்கார்ந்திருப்பவர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார் என்பதே அந்த நம்பிக்கை. அது சரிதானா என்று பார்க்கத் தனியாகச் சில சோதனைகள் இருக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் இவற்றை வேலிடிட்டி டெஸ்ட் என்போம். தமிழில் நம்பகச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு மொழியில் எழுதிய சுவிஸ் உளவியலாளர் ஆந்த்ரே ரே, 15 குறிகளைக் காட்டி நினைவிலிருந்து வரையச் சொல்லும் ஒரு முறையை 1960-களிலேயே வைத்தார். 1975-இல் பங்க்ராட்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், காது கேட்கவில்லை என்று சொன்ன ஒருவருக்கு 'இரண்டில் ஒன்றைச் சொல்' என்ற முறையைப் பயன்படுத்திக் காட்டினார்கள். இன்று பரவலாக இருக்கும் பல சோதனைகள் அந்த வழியில் வந்தவைதான். டாம்பா 1996-இல் வெளியிட்ட 50 படங்கள் கொண்ட ஞாபகச் சோதனை அவற்றில் ஒன்று.

அமைப்பு எளிது. படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவோம். அப்புறம் இரண்டிரண்டு படங்களாக வைத்து, 'இதில் முன்னாடி பார்த்தது எது?' என்று கேட்போம். பார்க்கக் கடினமாகத் தெரியும் இந்த வேலை உண்மையில் சுலபமானது. தலையில் பலத்த அடிபட்டு ஞாபகம் நன்றாகவே பாதிக்கப்பட்டவர்களில்கூடப் பெரும்பாலோர் இதைத் தாண்டிவிடுவார்கள். ஆகவே இதில் கிடைக்கும் குறைந்த மதிப்பெண், ஞாபகத்தின் அளவைவிடச் சோதனை நடந்த விதத்தைப் பற்றித்தான் முதலில் கேள்வி எழுப்புகிறது.

எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் தோல்வி, எந்தச் சோதனையை எந்த இடத்தில் வைப்போம் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது வெளியே பரவினால் சோதனை செத்துவிடும். அப்படிச் செத்தால் அதிகம் நஷ்டப்படுவது உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்தான், ஏனென்றால் அவருடைய ரிப்போர்ட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். பயிற்சியில் இருப்பவர்கள் சோதனைக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். 34 என்பது எல்லைக்கு நன்றாகக் கீழே என்பது மட்டும் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

படி 1: சோதனைக்கு முன்பே, என்ன வர வேண்டும் என்று எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் தொடங்கினால் அப்புறம் கிடைக்கும் எண்ணுக்கு ஏற்றபடி கதை கட்டத் தோன்றும். ஆகவே பழைய காகிதங்களை முதலில் வாங்கிப் படியுங்கள். விபத்து என்றால் மருத்துவமனைக்கு வந்தபோது நினைவு நிலை என்ன, மயக்கம் எவ்வளவு நேரம், அடிபட்ட பிறகு எத்தனை மணி நேரம் குழப்பமாக இருந்தார், ஸ்கேனில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

டிராக்டர்காரர் இரவில் வாய்க்கால் கரை ரோட்டில் பைக்கோடு விழுந்தவர். வந்தபோது, நினைவு நிலையை அளக்கும் ஜி.சி.எஸ். மதிப்பெண் 15-க்கு 14. மயக்கம் சில நிமிடங்கள். சி.டி. ஸ்கேனில் கோளாறு இல்லை. ஒரு ராத்திரி வைத்திருந்துவிட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இதன்படி இது லேசான தலைக்காயம். ஜி.சி.எஸ். 13 முதல் 15, மயக்கம் அரை மணிக்குள், குழப்பம் ஒரு நாளுக்குள் என்பதுதான் அந்த வகைக்கு வழக்கமான வரையறை. இப்படி அடிபட்டவர்களின் ஞாபகமும் கவனமும் முதல் சில நாள், சில வாரம் குறைந்திருந்து, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்குத் தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல், பயம் நீண்ட நாள் நிற்கும். ஆனால் 14 மாதம் கழித்து எதுவுமே ஞாபகம் இல்லாமல் போவதும், மாதம் ஆக ஆக மோசமாவதும் இந்தக் காயத்தின் இயல்பு அல்ல. அவர் சொன்ன குறை அதுதான். விபத்து இழப்பீட்டு வழக்கும் நடந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாவுக்கு அடியும் இல்லை, வழக்கும் இல்லை. மருமகள் அழைத்து வந்தார். மூன்று வருடமாக மெல்ல மெல்ல நடந்த மாற்றத்தை அவர் சொன்ன விதமே தெளிவாக இருந்தது. முதல் வருடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வருடம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். அப்புறம் ஐம்பது வருடம் நடந்த தெருவில், ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் நின்றார். இப்போது புடவை கட்டவும் ஆள் வேண்டும். மூளை ஸ்கேனில் சுருக்கம் தெரிந்தது. மறதிநோய், அதுவும் நடுத்தர நிலையைத் தொட்டது என்று நான் சோதனைக்கு முன்பே எழுதி வைத்தேன். அவர் நம்பகச் சோதனையில் தோற்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

படி 2: சோதனையைக் கெடுக்கக்கூடிய சாதாரணக் காரணங்களைக் களையுங்கள்

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. நானே செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் படப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். நகலின் நகல், கோடெல்லாம் மங்கிப் போயிருக்கும். ஒரு பெரியவர் மிகக் குறைவாக எடுத்தார். ரிப்போர்ட்டில் 'நம்பகமற்றது' என்று எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடும் நேரத்தில், அவர் வெளியே பெஞ்சில் பேத்தியின் கண்ணாடியை வாங்கி மாட்டிப் பஸ் டிக்கெட்டைப் படிக்கப் பார்ப்பது கண்ணில் பட்டது. அவருக்கு வெள்ளெழுத்து. நான் கேட்கவே இல்லை. கண்ணாடியும் நல்ல புத்தகமும் கொடுத்து இன்னொரு நாள் வைத்தபோது எந்தச் சிக்கலும் இல்லாமல் தாண்டினார். அந்தக் காகிதத்தைக் கிழித்த பிறகும் ரொம்ப நாள் மனசு ஆறவில்லை.

ஆகவே கண், காது, தூக்கம், வலி, சர்க்கரை, மாத்திரை, குடி இவற்றைக் கேட்டு, பதிலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெல்டாவில் இதோடு இன்னும் ஒன்று சேரும். வேதாரண்யம் பக்கமிருந்தோ முத்துப்பேட்டை பக்கமிருந்தோ தஞ்சாவூருக்கு வருகிறவர் விடியற்காலையில் பஸ் ஏறியிருப்பார், ரத்தப் பரிசோதனை இருக்கும் என்று நினைத்துச் சாப்பிடாமலும் வந்திருப்பார். இரண்டு இட்லியும் ஒரு டீயும் கொடுத்து அரை மணி உட்கார வைத்துவிட்டுத் தொடங்குங்கள். டிராக்டர்காரருக்குக் கண்ணும் காதும் சரியாக இருந்தன. கழுத்து வலி இருந்தது. இரவில் நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை. கடையில் கேட்டு வாங்கிய ஒரு தூக்க மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். இவற்றைக் குறித்துக்கொண்டேன். தூக்கக் குறைவும் மாத்திரையும் வேகத்தையும் கவனத்தையும் இழுக்கும். ஆனால் 'முன்னாடி பார்த்தது எது' என்ற சுலபமான கேள்வியில் இவ்வளவு கீழே தள்ளுவது கடினம்.

மனச்சோர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோர்ந்திருப்பவர் தோற்றுத்தான் போவார் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மனச்சோர்வு உள்ள பெரும்பாலோர் இவற்றைத் தாண்டிவிடுகிறார்கள். கடுமையான மனநோயின் உச்சத்தில் இருப்பவர், குழப்ப நிலையில் இருப்பவர், சற்று முன்புதான் வலிப்பு வந்தவர் ஆகியோருக்கு அன்றைக்குச் சோதனையே வைக்கக் கூடாது.

படி 3: தொடக்கத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்

'உங்களால் முடிஞ்ச அளவுக்கு நல்லா செய்யுங்க. சிலது சுலபமா இருக்கும், சிலது கஷ்டமா இருக்கும். நீங்க எவ்வளவு முயற்சி பண்றீங்கங்கிறதையும் இதுல பார்ப்போம். பதில்கள் நம்புற மாதிரி இல்லைன்னா என்னால உங்களுக்கு உதவ முடியாது.' இதை எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்கிறேன். எது நம்பகச் சோதனை என்று சொல்வதில்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்பதை மறைப்பதும் இல்லை.

யார் அறைக்குள் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். டிராக்டர்காரரோடு வந்த மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'இவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லீங்க மேடம், நீங்க கேட்டாலும் தெரியாது' என்று மூன்று தடவை சொன்னார். அவரை வெளியே இருக்கச் சொன்னேன். அப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு, நன்றாகச் செய்வதே ஒரு துரோகம் மாதிரி ஆகிவிடும்.

படி 4: ஒன்றை மட்டும் வைக்காதீர்கள்

தனியான நம்பகச் சோதனைகள் குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று காலையில், இன்னொன்று இடைவேளைக்குப் பிறகு. இவற்றைத் தவிர, வழக்கமான சோதனைகளுக்குள்ளேயே புதைந்திருக்கும் அளவுகள் உண்டு. எண் வரிசையைத் திருப்பிச் சொல்லும் சோதனையிலிருந்து ஓர் அளவு கிடைக்கும். சொல் பட்டியலை நினைவுகூரும் சோதனையின் கடைசியில் வரும் 'இந்தச் சொல் பட்டியலில் இருந்ததா, இல்லையா' என்ற பகுதியிலிருந்து இன்னொன்று கிடைக்கும். எவற்றைக் கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முடித்த பிறகு தேடினால் ஏதாவது ஒன்று எப்போதும் அகப்படும்.

இருவருக்கும் நான் ஐந்து அளவுகளை வைத்தேன். இருவரும் ஐந்தில் நான்கில் தோற்றார்கள்.

படி 5: அந்த 34 என்ன சொல்கிறது

கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு படத்தைத் தொட்டால்கூடப் பாதி சரியாக வரும். 50-க்கு 25. நாணயம் சுண்டுவது போலத்தான். வெறும் ஊகத்தில் 17 அல்லது அதற்கும் கீழே விழுவது 100-இல் இரண்டு தடவைகூட நடக்காது. ஒருவர் அவ்வளவு கீழே வந்தால் அவருக்குச் சரியான விடை தெரிந்திருக்கிறது, தெரிந்தே தவறானதைத் தொட்டிருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். ஞாபகமே சுத்தமாக இல்லாதவருக்கும் 25-ஐ ஒட்டித்தான் வரும். இந்தத் துறையில் வேண்டுமென்றே என்ற வார்த்தைக்கு மிக அருகில் போக முடிகிற இடம் இது ஒன்றுதான். ஆனால் அப்படி வருபவர்கள் ரொம்பக் குறைவு.

34 அங்கே இல்லை. வெறும் ஊகத்தில் 34-ஐ எட்டுவது ஏறக்குறைய 130 பேரில் ஒருவருக்குத்தான் நடக்கும். எனவே இருவருமே சில படங்களை உண்மையில் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஊகத்துக்கு மேலே, எதிர்பார்ப்புக்குக் கீழே என்ற இந்த நடு இடத்தில்தான் நமக்கு வருகிற வழக்குகளில் பெரும்பகுதி விழும். இங்கே எண் மட்டும் எதையும் முடிவு செய்யாது.

படி 6: எத்தனை தோல்வி என்று எண்ணுங்கள், ஆனால் யாருக்கு எண்ணுகிறோம் என்று பாருங்கள்

இந்தச் சோதனைகளின் எல்லைகளை, உண்மையாக முயற்சி செய்பவர்களில் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு மேல் தவறாகச் சிக்கக் கூடாது என்ற அளவில் வைப்பது வழக்கம். அப்படியானால் ஐந்து அளவுகளை வைத்தால், நேர்மையானவர் ஏதாவது ஒன்றிலாவது தோற்க 41 சதவீத வாய்ப்பு உண்டு. ஒற்றைத் தோல்வியை வைத்து ஒருவரைச் சந்தேகிக்கக் கூடாது என்பது இதனால்தான். இரண்டிலோ அதற்கு மேலோ தோற்க 8 சதவீதம். மூன்றுக்கு மேல் போனால் ஒரு சதவீதமும் இல்லை. அளவுகள் ஒன்றை ஒன்று சாராதவை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் அவை கொஞ்சம் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதால் எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் நான்கில் தோற்ற அந்த அம்மாவும் நம்பத் தகாதவர் ஆகிவிடுவார்! பிழை எங்கே? அந்த 10 சதவீதத்தில். அது பள்ளிக்குப் போன, காகிதமும் பேனாவும் பழகிய, மறதிநோய் இல்லாதவர்களை வைத்து எடுத்த எண். நடுத்தர மறதிநோய் உள்ளவர்களிடம் நேர்மையாகத் தோற்பவர்களின் பங்கு அதைவிடப் பல மடங்கு. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இப்படித்தான். தினசரி வாழ்க்கைக்கே துணை தேவைப்படும் ஒருவரிடம் தோல்விகளை எண்ணிக் கூட்டுவதில் பொருளில்லை.

பள்ளிப் படிப்பு இன்னொரு பொறி. எண் வரிசையைத் தலைகீழாகச் சொல்வது பள்ளி கொடுக்கும் பழக்கம். '7, 2, 5 இதைப் பின்னாலிருந்து சொல்லுங்க' என்றபோது அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்து, 'ஏன் தாயி பின்னாலேருந்து சொல்லணும்?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஓரசைக்கு மேல் ஓடும் சொற்கள். நீளமான சொற்கள் மனதில் குறைவாகத்தான் தங்கும் என்பது நினைவாற்றல் ஆய்வில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். ஆங்கில எண்களை வைத்து அமைத்த எல்லையை இங்கே அப்படியே இறக்க முடியாது. அதேபோல் ரேயின் 15 குறிகளில் எழுத்தும் எண்ணும் வடிவமும் கலந்திருக்கும். பென்சில் பிடித்துப் பழகாத கை அதில் தோற்பது இயல்பு. பள்ளிக்கே போகாதவர்களுக்கு நான் அதை வைப்பதில்லை. படங்களைக் காட்டிக் கேட்கும் முறை படிப்பைக் குறைவாகவே சார்ந்தது, அதனால் அதற்கு எடை அதிகம் கொடுக்கிறேன்.

படி 7: உள்ளே பொருந்துகிறதா, வெளியே பொருந்துகிறதா

இருவரையும் பிரித்தது இந்தப் படிதான். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

15 சொற்களை ஐந்து தடவை படித்துக் காட்டி ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் சொல்வோம். அரை மணி கழித்து மறுபடி கேட்போம். கடைசியில், இருந்த சொற்களையும் இல்லாத சொற்களையும் கலந்து 'இது இருந்ததா?' என்று கேட்போம். தானாகச் சொல்வது கஷ்டம், கேட்டால் அடையாளம் காண்பது சுலபம். எவ்வளவு பாதிக்கப்பட்ட மூளைக்கும் இந்த வரிசை தலைகீழாக மாறுவது அரிது.

அந்த அம்மா ஐந்தாம் தடவை 4 சொல் சொன்னார். அரை மணி கழித்து ஒன்றும் இல்லை, அப்படி ஒரு பட்டியலைக் கேட்டதே ஞாபகம் இல்லை. அடையாளம் காணும் பகுதியில் இருந்ததற்கும் ஆமாம், இல்லாததற்கும் ஆமாம். உள்ளே போனது தங்கவே இல்லை, அதனால் கேட்டதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டினார். ஞாபகம் சேமிக்கும் பகுதி தேய்ந்த மறதிநோயில் வரும் படம் இது. வீட்டில் நடப்பதோடும் ஸ்கேனோடும் அப்படியே பொருந்தியது. கஷ்டமான சோதனைகளில் அவர் இன்னும் மோசமாகச் செய்தார். அதுவும் பொருந்தியது.

டிராக்டர்காரர் ஐந்தாம் தடவை 6 சொல் சொன்னார். அரை மணி கழித்துத் தானாகவே 5 சொன்னார். அதற்கு அடுத்த நிமிடம், கலந்து கேட்டபோது 4 சொல்லுக்குத்தான் ஆமாம் என்றார். அந்த நான்கில் இரண்டு, அவர் சற்று முன்பு சொல்லாதவை. அப்படியானால் தன் வாயாலேயே சொன்ன ஐந்தில் மூன்றை, ஒரு நிமிடத்துக்குள் 'இல்லை, அப்படி ஒரு சொல் வரவில்லை' என்று மறுத்திருக்கிறார். நான் தாளில் அந்த மூன்றையும் வட்டமிட்டு வைத்தேன். மூளையில் எந்த இடத்தில் அடிபட்டாலும் இப்படி ஒரு படம் வருவதற்கு எனக்குக் காரணம் தெரியாது.

எண் வரிசையில் அவர் முன்னோக்கி 3 இலக்கம், பின்னோக்கி 2 இலக்கம் வரைதான் சொன்னார். எட்டாவது படித்தவருக்கு இது குறைவு. இடைவேளையில் டீ குடிக்கும்போது, வண்டியை இப்போது ஓட்டும் சித்தப்பா மகனிடமிருந்து போன் வந்தது. 3 மணி 20 நிமிடம் ஓடியதாம். மணிக்கு 1,100 ரூபாய். 'மூவாயிரத்து அறுநூத்தி அறுபது சொச்சம் வரும், அறுநூறா வாங்கிக்க' என்று யோசிக்காமல் சொன்னார். இங்கே ஓர் எச்சரிக்கை. இது வருடக்கணக்காகப் பழகிய கணக்கு, பழகிய வேலை கடைசியாகத்தான் போகும். சொந்த போன் நம்பரைக் கடகடவென்று சொன்னார் என்பதையும் சிலர் சான்றாக எழுதுவார்கள். அது பழைய ஞாபகம், புதிதாகக் கேட்ட எண்ணை நிறுத்தி வைப்பது வேறு. ஆனால் அன்று போனில் வந்த 3 மணி 20 நிமிடம் புதுச் செய்தி. அதை மனதில் நிறுத்தி, பெருக்கி, குறைத்து, முடிவும் எடுத்தார். தனியாக இது போதாது, மற்றவற்றோடு சேர்த்துத்தான் எடை.

வெளிப் பொருத்தம் ஏற்கெனவே படி 1-இல் எழுதி வைத்திருந்தேன். லேசான காயம், சுத்தமான ஸ்கேன், 14 மாதம். ஆனால் அவருடைய ஞாபக மதிப்பெண், தினமும் ஆள் துணை தேவைப்படும் மறதிநோயாளியின் அளவில் இருந்தது. அவரோ தனியாக பஸ் மாறி வந்தவர், வீட்டுக் கணக்கு முழுவதையும் பார்ப்பவர்.

படி 8: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

வக்கீல்கள் கேட்பது ஒன்றுதான்: 'நடிக்கிறாரா, இல்லையா?' நம்பகச் சோதனையால் அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. அன்றைக்குக் கிடைத்த மதிப்பெண்கள் அவருடைய உண்மைத் திறனைக் காட்டவில்லை என்பது வரைக்கும்தான் அது கூட்டிக்கொண்டு போகும். ஏன் என்பதற்குப் பல விடைகள் இருக்கலாம். பணத்துக்காகத் தெரிந்தே செய்வது ஒன்று. தன்னை யாரும் நம்பவில்லை என்ற பயத்தில், கஷ்டத்தைக் காட்டிவிட வேண்டும் என்று மிகையாகச் செய்வது இன்னொன்று. தனக்கு ஞாபகமே இல்லை என்று உண்மையிலேயே நம்பி முயற்சியைக் கைவிடுவதும் உண்டு. மாலிங்கரிங், அதாவது லாபத்துக்காகத் தெரிந்தே நோயை நடிப்பது, என்று சொல்ல வேண்டுமானால் ஸ்லிக், ஷெர்மன், ஐவர்சன் 1999-இல் வகுத்து 2020-இல் திருத்திய அளவுகோல் இருக்கிறது. வெளி லாபம் இருக்க வேண்டும், மிகைப்படுத்தலுக்குச் சான்று வேண்டும், வேறு நோயோ வளர்ச்சிக் குறைபாடோ அதை விளக்கிவிடக் கூடாது. அப்போதும் அது பல சான்றுகளைச் சேர்த்து எடுக்கும் முடிவு, ஒரு மதிப்பெண்ணின் முடிவு அல்ல.

வழக்கு நடப்பதையே சான்றாக எடுக்காதீர்கள். இங்கே விபத்தில் அடிபட்ட யார்தான் வழக்குப் போடாமல் இருக்கிறார்? காயமும் மிகைப்படுத்தலும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

ஆகவே டிராக்டர்காரரின் ரிப்போர்ட்டில் நான் எழுதியது, தமிழில் சொன்னால், இவ்வளவுதான்: முன்கூட்டியே தேர்ந்த ஐந்து நம்பக அளவுகளில் நான்கு எல்லைக்குக் கீழே இருக்கின்றன. படிப்பு, பார்வை, செவித்திறன், மொழி, மாத்திரை இவை அதை விளக்கப் போதவில்லை. ஆகவே இன்றைய குறைந்த மதிப்பெண்களைக் குறைபாடு என்று கொள்ள முடியாது. அவர் நன்றாகச் செய்த இடங்களை மட்டும் 'குறைந்தது இவ்வளவு திறன் இருக்கிறது' என்று கொள்ளலாம். அவருக்கு மூளைப் பாதிப்பு இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை, இருக்கிறது என்றும் இந்தச் சோதனை காட்டவில்லை.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் படிப்பவர் 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்வார்.

அந்த அம்மாவின் ரிப்போர்ட்டில், நம்பக அளவுகள் எல்லைக்குக் கீழே இருப்பதையும், மூன்று வருட வரலாறு, தினசரித் துணை, ஸ்கேன், மறக்கும் விதம் எல்லாம் நடுத்தர மறதிநோயோடு ஒத்துப்போவதால் அவை முயற்சிக் குறைவைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினேன். தோல்வியை மறைத்து எழுதினால் நாளைக்கு வேறொருவர் அதைக் கண்டுபிடித்துத் தவறாகப் படிப்பார்.

படி 9: அவரிடமே சொல்லுங்கள்

இதைப் பலர் தவிர்க்கிறார்கள். நான் தவிர்ப்பதில்லை. மைத்துனர் இல்லாத நேரத்தில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

'அண்ணே, அன்னைக்கு எடுத்த மார்க்கை வச்சு உங்க ஞாபகத்தைப் பத்தி என்னால எதுவும் சொல்ல முடியல. தலையில ரொம்பப் பலமா அடிபட்டவங்ககூட சுலபமா செய்யறதுல உங்களுக்குக் குறைவா வந்திருக்கு. அடி மட்டும் காரணமா இருந்தா இப்படி வராது. வேற என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.'

'நடித்தீர்களா' என்று கேட்கவில்லை. கேட்டால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 'கழுத்து வலியில ராத்திரி படுக்க முடியல மேடம். சீட்டுல அரை மணி உட்கார்ந்தா கை மரத்துப் போவுது. அதை யாரும் கேக்கல. தலைன்னு சொன்னாத்தான் கேக்குறாங்க' என்றார்.

கழுத்துக்கு எலும்பு மருத்துவரிடமும் தூக்கத்துக்கு மனநல மருத்துவரிடமும் எழுதிக் கொடுத்தேன். தூக்க மாத்திரையை மருத்துவர் மெல்லக் குறைத்தார். மூன்று மாதம் கழித்து, வேறு நம்பகச் சோதனைகளையும் வேறு சொல் பட்டியலையும் வைத்து மறுபடி சோதித்தேன். உடனே, அதே தாளை வைத்துச் செய்தால் பழக்கம் கலந்துவிடும், அதனால்தான் அந்த இடைவெளி. நம்பக அளவுகள் எல்லாவற்றையும் தாண்டினார். 15 சொல்லில் ஐந்தாம் தடவை 12, அரை மணி கழித்து 10, அடையாளம் காண்பதில் 14. ஞாபகம் அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் சரியாக இருந்தது. வேகம் மட்டும் கொஞ்சம் குறைவு, வலியும் தூக்கமும் அதை விளக்கப் போதும். முதல் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்காமல், இரண்டையும் தேதியோடு சேர்த்தே கொடுத்தேன். இரண்டாவதன் முதல் பக்கத்தில், கழுத்து நரம்பைத் தனியாகப் பரிசோதிக்கும்படி எழுதியிருந்தேன்.